பூஜையில் வைத்த வாடகை மெஷின்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த மறு வருஷம் எங்கள் வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. இருந்தது என்று சொல்வதுதான் சரி. எங்களுடையது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

மலாக்கா டவுனில் காஜா பேராங் பக்கம் பலகை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான், என் கணவர், அவருடைய தங்கை, மூன்றே பேர். அவர் டவுனில் ஒரு ரப்பர் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். நாத்தனாருக்கு செங் பக்கத்தில் ஒரு தோட்டத்து மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்தோம். கல்யாணம் தை மாதத்தில். பேச்சுக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு மெஷின் தைக்க வருமா?" என்று கேட்டார். தைக்க வருமா என்பதுதான் கேள்வி. என் கணவர் எழுந்து நின்று, "மெஷினே குடுத்தனுப்புறோம், அத்தே," என்றார். அவருக்கு வாய் எப்போதும் கைக்கு முன்னால் போகும்.

ஆனால் மெஷின் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது என்பதால் அவரை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. டவுனில் தையல் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்று இருந்தது. முன்பணம் கட்டி, மீதியை இருபத்துநான்கு மாதத் தவணையாகக் கட்டலாம். மாதம் ஒருமுறை கம்பெனி ஆள் சைக்கிளில் வந்து காசை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார். தமிழர், நடுத்தர வயது, எங்கள் வீட்டுக்கு நாலு சந்து தள்ளிக் குடியிருந்தார். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். மெஷினை இறக்கிய அன்றே அவர் சொல்லிவிட்டார். "இது இப்போ கம்பெனி பொருள்தான்மா. நீங்க கட்டுறது சேவா. கடைசித் தவணையோட ஒரு வெள்ளி சேத்துக் கட்டுனாதான் உங்க பேருக்கு வரும்."

வெள்ளி என்பது மலாயா டாலர். சேவா என்றால் வாடகை என்பது மலாய் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் வீட்டில் ஒரு பொருள் வந்து உட்கார்ந்த பிறகு அதை யார் வாடகைப் பொருளாக நினைக்கிறார்கள்?

என் கணவர் அதை முன்னறையில் ஜன்னலோரம் வைத்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டும். நான் ஒரு வெள்ளைத் துணியில் ரோஜாப் பூவும் இலையுமாகப் பின்னல் போட்டு மூடித் துணி செய்தேன். அதோடு சரி. தைக்கக் கூடாது. "பாப்பாவுக்குக் குடுக்க வேண்டியது, புதுசாவே இருக்கட்டும்," என்று தங்கையைச் சொல்லி அவர் உத்தரவு போட்டார். நாத்தனார் ஏதாவது அவசரமாக மடித்துத் தைக்க உட்கார்ந்தால் அவர் வாசலிலிருந்தே, "மெதுவா, பெல்ட்டு தேஞ்சிடும்," என்பார். அவளும் சட்டைக்குக் கை வைக்க ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். மெஷின் ஒருபக்கம் மினுமினுவென்று இருக்க, மெஷின் உள்ள வீட்டில் கையால் தைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் எனக்கு அது விசித்திரமாகக்கூடத் தோன்றவில்லை.

ரப்பர் விலை விழுந்தது. ஸ்டோரில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். அந்தப் பாதியில் என் கணவரும் இருந்தார். அதற்குப் பிறகு ஆற்றோரக் கிடங்குகளில் ஆள் வேண்டும் என்றால் போவார், இல்லையென்றால் திரும்பி வருவார். இரண்டு மாதம் சேமிப்பிலிருந்து தவணை கட்டினோம். பதினாலாவது தவணையைக் கட்டியபோது என் காதில் கிடந்தது மூக்கில் கிடந்தது எல்லாம் அடகுக் கடையில் இருந்தது. இதற்கு மேல் முடியாது என்று சொன்னது நான்தான். அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரி மெஷினைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். வசூலுக்கு வந்த அண்ணன் காதில் அது விழுந்ததும் முகம் மாறிவிட்டது.

"அந்த வேலை மட்டும் வேணாம். மெஷின் நம்பர் அக்ரிமெண்ட்ல இருக்கு. உங்களுது இல்லாத சாமானை வித்தா போலீஸ் கேஸ்."

"அப்போ கட்டாம விட்டா?" என்று கேட்டேன்.

"ஆளு ரெண்டு பேர வச்சு வந்து தூக்கிட்டுப் போவோம். தெருவே பாக்கும். பாக்கி வாடகையையும் கேப்பாங்க. அதுக்கு நீங்களே வேணாம்னு எழுதிக் குடுத்து, மெஷின திருப்பி அனுப்பிடுங்க. மரியாதையா முடிஞ்சிடும்."

"கட்டின காசு?"

அவர் சைக்கிளைத் திருப்பினார். "மேனேஜர்கிட்ட பேசிப் பாருங்க," என்றார்.

நானும் என் கணவரும் டவுனுக்குப் போனோம். மேனேஜர் சீனர், கண்ணாடி போட்டவர், பேச்சு மலாயில்தான். என் கணவர் வழியெல்லாம் மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். விலையில் பாதிக்கு மேல் கட்டியாகிவிட்டது. மெஷினும் புதுசு மாதிரி இருக்கிறது. அதனால் கட்டினதில் பாதியாவது திரும்பி வர வேண்டும் என்பது அவர் வாதம். அதை நிதானமாக, ஒரு வக்கீல் மாதிரி எடுத்துச் சொன்னார்.

மேனேஜர் முழுக்கக் கேட்டார். பிறகு, "இனி சேவா, புக்கான் பெலி," என்றார். இது வாடகை, வாங்கினது இல்லை. நீங்கள் குடியிருக்கிற வீட்டைக் காலி செய்தால் வீட்டுக்காரர் இதுவரை வாங்கின வாடகையைத் திருப்பித் தருவாரா என்று கேட்டார். முன்பணமும் அப்படித்தான் என்றார். இன்னொன்றும் சொன்னார். விலையில் பாதி கட்டுவதற்கு முன்னால் மெஷினைத் திருப்பியிருந்தால், பாதி வரைக்கும் குறைகிற காசை நீங்கள் எங்களுக்குக் கட்ட வேண்டியிருக்கும். அக்ரிமெண்ட் அப்படி. நீங்கள் பாதியைத் தாண்டிவிட்டீர்கள், அதனால் கம்பெனிக்கு எதுவும் தர வேண்டாம்.

என் கணவர் எதை ஆயுதமாகக் கொண்டுபோனாரோ அதைத்தான் மேனேஜர் அவருக்கு ஆறுதலாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. கோபம் மேனேஜர் மேல் இல்லை. அந்த ஆள் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அங்கேயே எழுதிக் கொடுத்தோம். கட்டின மாதம் முடியும் வரைக்கும் மெஷின் எங்களிடம் இருக்கலாம். அடுத்த தவணைத் தேதியன்று கடை மூடுவதற்குள் மெஷின் கம்பெனிக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் புது மாதத்து வாடகை விழும். வண்டிச் செலவு எங்களுடையது. வசூல்கார அண்ணன், "நானே வண்டியோட வரேன், ரெண்டு மணிக்கு," என்று உதவிக்கு ஒப்புக்கொண்டார்.

அந்தத் தேதி என்ன நாள் என்று யாரும் பார்க்கவில்லை. மேனேஜருக்குத் தெரிய வழியில்லை. எங்களுக்கும் அண்ணனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கவலையில் நாங்கள் பார்க்கவில்லை, அவர் ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

அது ஆயுத பூஜை.

காலையில் நாத்தனார் வீட்டைக் கழுவினாள். அரிவாள்மணை, கத்தரிக்கோல், என் கணவருடைய ரப்பர் வெட்டும் கத்தி, எல்லாவற்றையும் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினாள். பிறகு மெஷினிடம் போனாள். அதையும் நகர்த்திக் கொண்டுவந்து, சக்கரத்தில் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, செம்பருத்தி மாலை ஒன்றைக் கட்டிப் போட்டாள். "வந்த வீட்டுல இந்த வருஷப் பூஜையையும் பாத்துட்டுப் போகட்டும், அண்ணி," என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தேங்காய் உடைத்து, பொரி கடலை வைத்துக் கும்பிட்டோம். ரெண்டு மணிக்கு அதைத் தொட்டுத் தூக்க வேண்டுமே என்பது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபடி தீபம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். அது வரைக்கும் எந்தச் சாமானையும் தொடுவதில்லை. வெங்காயம் நறுக்கக்கூட அன்றைக்குப் பக்கத்து வீட்டில் கத்தி கிடைக்காது.

ரெண்டு மணிக்கு அண்ணன் வந்தார். கூடவே தள்ளுவண்டியோடு ஒரு மலாய்க்காரர். அண்ணன் நடந்து வந்திருந்தார். நெற்றியில் விபூதி, வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது.

"சைக்கிள் எங்கண்ணே?" என்று கேட்டேன்.

"பூஜையில நிக்குது," என்றார்.

சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தார். மாலையோடு மெஷின் நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரர் உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றினார்.

"இருங்க," என்றார் அண்ணன். "தூக்க முடியாது."

என் கணவர் பதறிப்போனார். "அண்ணே, இன்னிக்குப் போகலன்னா இன்னொரு மாச வாடகை விழும்ணே."

"தெரியும். நான்தானே சொன்னேன்."

"நீங்க தூக்குங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"என் சைக்கிள நான் தொடல. உங்க மெஷின நான் எப்படித் தொடுறது?"

அவர் சொன்னது நியாயம். வண்டிக்கார மலாய்க்காரர் தூக்கியிருப்பார், அவருக்குத் தடையில்லை. அவரைத் தூக்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. என் கணவர்கூட இரண்டு அடி முன்னால் வைத்துவிட்டு நின்றுவிட்டார். வண்டிக்காரருக்கு வந்த கூலியைக் கொடுத்து, பொரியும் வாழைப்பழமும் மடித்துக் கொடுத்து அனுப்பினோம்.

அண்ணன் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, மாலையைத் தொடாமல் குனிந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திருப்பி எடுக்கிற சாமான் எப்படியிருக்கிறது என்று பார்ப்பது அவர் தொழில்.

"எவ்ளோ அழகா வச்சிருக்கீங்க. பெல்ட்டுகூட தேயல. இத அப்படியே கடைக் கண்ணாடிக்குப் பின்னால வச்சா புதுசுன்னே வித்துடலாம்," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் போய் நின்றது. பதினாலு மாதம் வாடகை கட்டியிருக்கிறோம். வாடகை எதற்கு? தைப்பதற்கு. நாங்கள் தைக்கவில்லை. கம்பெனி மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பூத்துணி போர்த்தி, காவல் காத்திருக்கிறோம். காவலுக்கு நாங்களே காசும் கொடுத்திருக்கிறோம். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அதுவும் அந்த ரோஜாப்பூத் துணி மேல் வந்தது.

"அண்ணே, இந்த மாச வாடகைய கட்டிட்டா மெஷின் ஒரு மாசம் இங்கதானே இருக்கும்?"

"ஆமா. அடுத்த தேதி வரைக்கும்."

"தேஞ்சிருந்தா காசு கேப்பாங்களா?"

"உடைச்சா கேப்பாங்க. தைச்சுத் தேஞ்சா கேக்க முடியாதுமா. தைக்கத்தானே குடுத்திருக்கு."

"அப்போ மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. அடுத்த தேதிக்குக் கொண்டாந்து விடுறோம். வாடகை ஒரு வாரத்துல தரேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. நாத்தனார் அதற்குள் தீபாவளிக்கு எத்தனை நாள் என்று விரலை மடக்க ஆரம்பித்திருந்தாள். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே மூன்று வாரம்கூட இருக்காது. அந்த மூன்று வாரமும் எங்கள் கையில் இருந்த மாதத்துக்குள் விழுந்தது.

மறுநாள் காலை தீபம் காட்டினோம். மாலையை எடுத்தோம். மூடித் துணியை மடித்துப் பரணில் போட்டேன். மெஷினை முன்னறையிலிருந்து பின்கட்டுக்கு, வெளிச்சம் நன்றாக விழும் இடத்துக்கு இழுத்தோம். இழுக்கும்போது மெஷின் கால் கதவு நிலையில் உரசி ஒரு கீறல் விழுந்தது. என் கணவர் வாயைத் திறந்தார். "என்ன?" என்று கேட்டேன். மூடிக்கொண்டார்.

நாத்தனார் சந்து சந்தாகப் போய் துணி வாங்கி வந்தாள். சட்டை, பாவாடை, பையன்களுக்குக் கால்சட்டை. எப்போதோ வந்து மலாய்ப் பேச்சுக்கே மாறிவிட்ட மலாக்கா செட்டி வீட்டு அம்மாக்கள், கோயில் பக்கமிருந்து, கெபாயா என்னும் மலாய் மேல்சட்டை தைக்கத் துணி கொண்டுவந்தார்கள். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட அம்மாவும் அவர்களில் ஒருவர். தமிழ் பேசமாட்டார், தீபாவளியைக் கொண்டாடுவதில் எங்களுக்கு ஒரு படி மேலே. அந்த மாத வீட்டு வாடகைக்குப் பதிலாக இரண்டு கெபாயா என்று அவரே மலாயில் பேசி முடித்துவிட்டுப் போனார். நானும் நாத்தனாரும் மாறி மாறி உட்கார்ந்தோம். ஒருத்தி மிதித்தால் மற்றவள் வெட்டுவாள். காலையில் தொடங்கினால் சோறு பொங்க மட்டும் எழுந்திருப்போம். இரண்டாவது வாரம் பெல்ட் அறுந்தது. புதுசு வாங்கி மாட்டினோம். அதை வாங்கிவந்தது என் கணவர்தான். அதற்குப் பிறகு அவர் காஜா கட்டவும் பட்டன் வைக்கவும் உட்கார்ந்துவிட்டார். நன்றாகவே கட்டினார். ரப்பர் தரம் பார்த்த கை.

மெஷினில் எண்ணெய்க் கறை படிந்தது. மேல் பலகையில் இஸ்திரிப் பெட்டி சூடு பட்டு ஒரு இடம் வெளுத்தது. மிதிக்கும் இடத்தில் கறுப்புச் சாயம் உரிந்து இரும்பு தெரிந்தது. எனக்கு அதையெல்லாம் பார்க்கப் பார்க்க மனசு லேசானது.

தீபாவளிக்கு முதல் நாள் கடைசிச் சட்டையைக் கொடுத்து முடித்தோம். கம்பெனி வாடகை முதல் வாரத்திலேயே கட்டியாயிற்று. மீதியாகக் கையில் நின்ற காசைப் பார்த்ததும் என் கணவருக்கு ஆசை வந்தது. "இத வச்சு ரெண்டு மூணு தவணை கட்டலாமே. எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கிக்கலாம். மெஷின் பாப்பாவுக்குத்தானே?"

நாத்தனார்தான் பதில் சொன்னாள். அவள் அண்ணனிடம் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"தீபாவளி மாசாமாசம் வராது அண்ணே. ரெண்டு மூணு கட்டிட்டு அதுக்கப்புறம் நின்னுட்டா, அதுவும் போயிடும். இந்தக் காசு நான் தைச்சது. நான் சொல்றதக் கேளுங்க."

அவர் கேட்டார்.

தேதியன்று நாங்களே வண்டி பிடித்து மெஷினைக் கம்பெனிக்குக் கொண்டுபோனோம். மேனேஜர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தார். வசூல்கார அண்ணன் பக்கத்தில் நின்றார். போன மாதம் அவர் என்ன சொல்லி வைத்திருந்தாரோ, மேனேஜர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும்படியான ஒரு மெஷினை எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. உரிந்த சாயத்தைத் தடவினார். வெளுத்த இடத்தைத் தடவினார்.

"கெனாப்பா ஜாடி மாச்சம் இனி?" என்றார். ஏன் இப்படி ஆயிற்று என்று.

என் கணவர் தரையைப் பார்த்தார். நான் மலாயில் சொன்னேன். என் மலாய் சந்தை மலாய்தான், அதற்குப் போதும். "சேவா, காண்? சாயா பாக்காய்." வாடகைதானே? நான் உபயோகித்தேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். ஊசி ஏறி இறங்கியது. உடைந்தது ஒன்றுமில்லை. மெஷினை ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முன்பணமும் பதினைந்து மாத வாடகையும் கம்பெனிக்கே என்றும், இருபக்கமும் இனிப் பாக்கி இல்லை என்றும் அதில் இருந்தது. பதினாலு மாதத்துக் காசு வீணாகப் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். பதினைந்தாவது மாதத்துக்கு மட்டும் எரியாது.

அங்கிருந்து நாத்தனார் எங்களை ஒரு பழைய சாமான் கடைக்கு நடத்திக்கொண்டு போனாள். முன்பே பார்த்து வைத்திருக்கிறாள். மூலையில் ஒரு கைமெஷின் இருந்தது. கால் கிடையாது, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும், மேலே இருந்த பூவேலை பாதி அழிந்துபோயிருந்தது. கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம் என்று ஆரம்பித்தார். அவள் அவரை முடிக்கவிடவில்லை. முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து மேசையில் வைத்தாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சீர்த் தட்டுகளோடு கைமெஷினும் போனது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு உங்க வீட்டுல கால்மெஷினத்தானே பாத்தேன்?" என்றார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார், "அது வாடகைது, அத்தே. இது என்னுது," என்றாள். அந்த அம்மா சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அதை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது கைமெஷின் வீட்டுக்கு வந்த சாயங்காலம். அதைத் துடைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் பரணிலிருந்து அந்த ரோஜாப்பூத் துணியை எடுத்துவந்து மேலே போர்த்தினேன். நாத்தனார் அதை உருவி எடுத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். நான் ராப்பகலாகப் பின்னின பூ. நடுவில் வெட்டி, மூன்று பக்கமும் மடித்து, அந்த மெஷினில் முதல் தையலாக ஒரு தலையணை உறை தைத்து அவள் அண்ணனிடம் கொடுத்தாள்.

அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "தேஞ்சிடுமே பாப்பா," என்றார்.

"தேயட்டும்ணே," என்றாள். அன்றிலிருந்து அவர் அதில்தான் தலை வைத்துப் படுத்தார்.